கற்கள் சரி, கால்கள் ஏன் காற்கள் ஆகவில்லை?

ல், ள் என்று முடியும் சொல்லோடு ‘கள்’ சேர்க்கும்போது, அதற்கு முன்னால் உள்ளதைப் பாருங்கள். ஒரே ஒரு குறில் எழுத்து மட்டும் இருந்தால் ல் ற் ஆகும், ள் ட் ஆகும்: கல் கற்கள், சொல் சொற்கள், முள் முட்கள்.

நெடில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து இருந்தாலோ மாற்றம் வேண்டாம். கால்கள், தாள்கள், விரல்கள், கடல்கள் என்று அப்படியே எழுதலாம்.

சிக்கல் மூன்று சொற்களில். இந்தக் கணக்குப்படி நாள்கள், பொருள்கள், ஆள்கள் என்றுதான் வர வேண்டும். ஆனால் நாட்கள், பொருட்கள் என்றே பலரும் எழுதுகிறார்கள். நான் முதல் இரண்டையும் நாள்கள், பொருள்கள் என்றே எழுதுவேன். ஆனால் ‘ஆட்கள்’ பேச்சிலும் எழுத்திலும் ஊறிவிட்டது. அதை மட்டும் விதிவிலக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.