கல்லீரலில் கட்டியா, ரத்தக்குழாயின் நிழலா?

வயிற்று எம்.ஆர்.ஐ. படத்தில், கல்லீரலின் இடது மடலில் உருண்டையாக, பளிச்சென்று ஒரு புள்ளி. அளவு ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். கட்டி என்று எழுதும் முன், அதிலிருந்து முதுகுப் பக்கமாக நேர்கோட்டில் பாருங்கள். அங்கே அதே பருமனில் பெருந்தமனி இருந்தால் சந்தேகப்படலாம். தமனி துடிப்பதால், அதன் சாயல் ஃபேஸ் என்கோடிங் திசையில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழும். வயிற்றுப் படங்களில் பெரும்பாலும் அது முன்பின் திசைதான்.

அடுத்து, விண்டோவைக் குறுக்கி, உடலுக்கு வெளியே உள்ள கறுப்புப் பகுதியைப் பாருங்கள். அதே கோட்டில், அதே இடைவெளியில் அங்கேயும் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதி. காற்றில் கட்டி வளராதே!

நோயாளி இன்னும் மேசையில் இருந்தால் ஃபேஸ் திசையை இடவலமாக மாற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நிழல் என்றால் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கட்டி அங்கேயே இருக்கும். அப்புறம் ஒன்று: இடவலமாக மாற்றும்போது படப்பரப்பையும் அகலமாக்க வேண்டும். இல்லாவிட்டால் படப்பரப்புக்கு வெளியே உள்ள கைகளின் பிம்பம் மடிந்து வயிற்றின்மேல் விழுந்து, புதிதாக ஒரு குழப்பம் வரும்.