தகட்டுச் சுருளை வீணாக்காமல் கீறியது: என் அனுபவம்

திருகோணமலையில் கூரைப் பீலிக்குத் தகடு கீறும் எங்கள் பட்டறைக்கு வரும் சுருளின் அகலம் 1219 மி.மீ. இரு ஓரமும் சீவினால் 1200 மிஞ்சும். ஓடர் இது: 500 அகலத்தில் 8 பட்டை, 400இல் 9, 350இல் 15. எல்லாம் முழுச் சுருள் நீளம்.

அகலமானதை முதலில் வெட்டுவதுதான் வழக்கம். 500ஐ இரண்டிரண்டாக எடுத்தால் 4 சுருள், ஒவ்வொன்றிலும் 200 கழிவு. 400க்கு 3 சுருள், கழிவில்லை. 350ஐ மும்மூன்றாக எடுத்தால் 5 சுருள், 150 வீதம் கழிவு. மொத்தம் 12 சுருள். இங்கே கழிவு 500இலும் 350இலும் தனித்தனியே நிற்கிறது. இரண்டையும் ஒரே சுருளில் சேர்த்தேன்: 500+350+350, சரியாக 1200. இப்படி 8 சுருள், 400க்கு 3, ஆக 11. 350இல் ஒரு பட்டை மட்டும் கூடுதல், அதுவும் விற்கக்கூடிய அளவு.

இதைவிடக் குறையுமா என்று பார்க்க, கேட்ட அகலங்களைக் கூட்டுங்கள்: 12,850. அதை 1200ஆல் வகுத்தால் 10.7. ஆகவே 11க்குக் கீழே வழியே இல்லை, மேலும் தேடத் தேவையில்லை.

அகலங்களின் வகை கூடினால், கணினி விரிதாளில் சிறந்த விடையைத் தேடித் தரும் Solver கருவியைப் போடுங்கள். சுருள் எண்ணிக்கை முழு எண் என்று கட்டாயம் குறியுங்கள், இல்லாவிட்டால் 7.5 சுருள் என்று விடை வரும். அதைக் கீழே முழுமையாக்கினால் ஓடர் குறைபடும். ஒரே எண்ணிக்கையில் இரு விடை வந்தால், கத்தி மாற்றும் தடவை குறைந்ததை எடுங்கள். மெல்லிய மிச்சப் பட்டையைப் பிறகு பார்க்கலாம் என்று அடுக்காதீர்கள். வெட்டிய ஓரத்தில் நாகப்பூச்சு இல்லாததால், எங்கள் கடற்காற்றில் அங்கேதான் முதலில் துரு ஏறும்.