வால்கேன்சிக்ளோவிர் நின்ற பிறகு: சி.எம்.வி. விஷயத்தில் நடக்கும் தவறுகள்

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் மாத்திரைப் பட்டியலை விளக்குவது என் வேலை. அதில் சி.எம்.வி. என்ற வைரஸைத் தடுக்கும் வால்கேன்சிக்ளோவிர் மாத்திரை பற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதை எப்போ நிறுத்துவாங்க?" விலை அப்படி. நின்ற பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன வயதில் சாதாரணக் காய்ச்சலாக வந்து, உடம்புக்குள்ளேயே தூங்கிவிடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கும்போது அது எழுந்துகொள்ளும். தானம் கொடுத்தவரின் சிறுநீரகத்தோடும் வரலாம். கொடுத்தவருக்கு வைரஸ் இருந்து, பெற்றவருக்கு அதுவரை வந்ததே இல்லை என்றால் ஆபத்து மிக அதிகம். அவர்களுக்கு வழக்கமாக 6 மாதம் தடுப்பு மாத்திரை. பெற்றவருக்கும் முன்பே வைரஸ் இருந்தால் பொதுவாக 3 மாதம்.

மாத்திரை வைரஸை அடக்கி வைக்குமே தவிர, அழிக்காது. அதனால் நிறுத்திய அடுத்த 3 மாதம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. வயது 46, எடை 60 கிலோ, அம்மா கொடுத்த சிறுநீரகம். மூன்றாம் மாதக் கடைசியில் மாத்திரை நின்றது. ஐந்தாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த மறுநாள் லூஸ் மோஷன், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், 99, 100 என்று. உடம்பு அடித்துப் போட்டாற்போல் அசதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டிருக்கிறார். பத்து நாள் ஓடிவிட்டது.

முதல் தவறு இதுதான். கல்யாணச் சாப்பாட்டு வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று நாளில் நிற்க வேண்டும். மாற்று அறுவை செய்தவருக்கு அதைத் தாண்டி நீடித்தால், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, மாற்று அறுவைக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். சி.எம்.வி. அதிகம் தாக்கும் இடம் குடல்தான். விழுங்கும்போது வலி, வயிற்று வலி, பசியின்மை என்றும் வரலாம். மூச்சு வாங்குவது நுரையீரல் வரை போனதன் அடையாளமாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவர் இன்னொன்றும் செய்தார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைக்கோபினோலேட் மாத்திரை வயிற்றைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் தானாகவே நிறுத்திவிட்டார். அந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தானாக நிறுத்தினால் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்க ஆரம்பிக்கலாம். வயிற்றுப்போக்கின்போது அதே வகை மருந்தான டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் ஏறும், அதனாலும் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு, கூடும். உடம்பில் நீர் குறைந்தாலும் கூடும். இவருக்கு 1.2 ஆக இருந்தது 1.7 ஆகிவிட்டது. இதில் எது எதனால் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் டாக்டருக்குப் பாதி நாள் போய்விட்டது.

இரண்டாவது தவறு, டெஸ்ட். வெளி லேப் ஒன்றில் "சி.எம்.வி. ஐ.ஜி.எம்." எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அது நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் டெஸ்ட். எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் அடக்கி வைத்திருக்கும்போது அது வராமலே போகலாம், வந்தாலும் நோய் இப்போது இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஐ.ஜி.ஜி. டெஸ்ட் மாற்று அறுவைக்கு முன்பு ஆபத்தைக் கணிக்க உதவும், அவ்வளவுதான். அறுவைக்குப் பிறகு வேண்டியது வைரஸையே எண்ணிச் சொல்லும் பி.சி.ஆர். டெஸ்ட். இவருக்கு மில்லிக்கு 18,000 யூனிட் வந்தது. வெள்ளை அணுக்கள் 2,700 ஆக இறங்கியிருந்தன. சி.எம்.வி. அவற்றைக் குறைக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குடலில் மட்டும் நோய் இருக்கும்போது ரத்த பி.சி.ஆர். குறைவாகவோ நெகட்டிவாகவோ வரலாம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் எண்டோஸ்கோபி செய்து சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். "ரத்தத்துலதான் ஒண்ணுமில்லையே சார்" என்று அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.

பி.சி.ஆரை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் எண் மாறும். ஒரே லேபிலும் 18,000 அடுத்த வாரம் 12,000 ஆனால் குறைந்துவிட்டது என்று கொண்டாட முடியாது. மூன்று மடங்குக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் அது உண்மையான மாற்றம். சிகிச்சையின் முதல் வாரத்தில் எண் குறையாமல், ஏன் கொஞ்சம் கூடினாலும்கூட, மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது. சரியான அளவில் இரண்டு வாரம் கொடுத்தும் இறங்கவில்லை என்றால்தான் மருந்துக்கு மசியாத வைரஸோ என்று சந்தேகப்படுவார்கள்.

சரியான அளவு என்பதில்தான் அடுத்த தவறு. சிகிச்சைக்கும் வால்கேன்சிக்ளோவிர்தான், அதன் அளவு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்கு இப்படி: 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும் (பெண்களுக்கு வருவதை 0.85ஆல் பெருக்க வேண்டும்). இவருக்கு 94 × 60 = 5,640. கிரியாட்டினின் 1.7 இருந்தபோது 46 வந்தது. 40 முதல் 59 வரை என்றால் சிகிச்சைக்கு 450 மி.கி. காலை, இரவு. இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியதும் அதே கணக்கு 65 ஆனது. 60க்கு மேல் போனால் 900 மி.கி. இரு வேளை. பழைய சீட்டையே வைத்துக்கொண்டு 450 போட்டிருந்தால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும். குறைந்த அளவில் நாள் கடத்துவதுதான் வைரஸுக்கு மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கும் வழி. இந்தக் கணக்கை நீங்களே போட்டு மாத்திரையை மாற்றச் சொல்லவில்லை. கிரியாட்டினின் மாறிய ஒவ்வொரு முறையும் "இந்த டோஸ் இன்னும் சரியா?" என்று கேளுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான், தடுப்பு மாத்திரை சாப்பிடும்போது வெள்ளை அணு குறைந்தால் வீட்டிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றிக்கொள்வதும் கூடாது. இந்த மாத்திரை வெள்ளை அணுவைக் குறைக்கும்தான். மைக்கோபினோலேட்டும் குறைக்கும், கிருமித் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலும் குறைக்கும். எதைத் தள்ளிவைப்பது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரையை உடைக்கவும் வேண்டாம். தூள் கையில் படக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் உடம்பில் நன்றாக ஏறும்.

இவருக்கு ஒன்பதாம் நாள் லூஸ் மோஷன் நின்றது. அன்றைக்கே மாத்திரை போதுமா என்று கேட்டார். போதாது. குறைந்தது இரண்டு வாரம், அதோடு அறிகுறிகள் போய், வாராவாரம் எடுக்கும் பி.சி.ஆரும் லேப் சொல்லும் எல்லைக்குக் கீழே வர வேண்டும். இவருக்கு ஐந்து வாரம் ஆனது. பின்னால் எப்போதாவது சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கி அதற்குப் பலமான ஊசி மருந்து போட நேர்ந்தால், தடுப்பு மாத்திரையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள் என்பதையும் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.