முன்னால் நடந்ததெல்லாம் காரணம் ஆகிவிடுமா? காலவரிசைக் கேள்விகளில் சறுக்கும் இடங்கள்

ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக் படுகொலை. இரண்டில் எது முதலில்? பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு மாலையில் உட்கார்ந்து வரலாறு பார்ப்பது என் வழக்கம். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் இரண்டு மூன்று பேராவது படுகொலைதான் முதலில் என்பார்கள். ஏன் என்று கேட்டால் விளக்கமும் தயாராக இருக்கும். "பஞ்சாப்ல பெரிய கலவரம் ஆச்சு, அதை அடக்க வெள்ளைக்காரன் கடுமையா ஒரு சட்டம் போட்டான். அப்படித்தானே சார்?" என்றாள் ஒரு பெண். கேட்க ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நேர் எதிர்.

மறதியால் வரும் தவறு இல்லை இது. இரண்டுமே 1919 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டு ஒன்றாக இருப்பதால் மாதம் தெரியாத இடத்தை மனசு ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. கலவரம் வந்தால் அடக்குமுறைச் சட்டம் வரும் என்பது இயல்பான கதை. போதாக்குறைக்கு, படுகொலைக்குப் பிறகு பஞ்சாபின் சில பகுதிகளில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டதும் உண்மை. அந்த ராணுவச் சட்டமும் ரௌலட் சட்டமும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எங்கோ படித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றுவதும் அதனால்தான்.

நடந்ததைப் பார்ப்போம். முதல் உலகப் போரின்போது, 1915இல், இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்க அது அரசுக்கு வசதியாக இருந்தது. போர் முடிந்தால் அந்த வசதி போய்விடுமே என்ற கவலையில், அடுத்து என்ன செய்யலாம் என்று ஆராய 1917 டிசம்பரில் நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1918இல் அறிக்கை வந்தது. 1919 பிப்ரவரியில் மசோதா, மார்ச்சில் சட்டம். எதிர்த்து ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடையடைப்பு நடத்தினார் காந்தி. ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் சைபுதீன் கிச்லு, சத்யபால் என்ற இரண்டு தலைவர்களை அரசு பிடித்துக்கொண்டு போனது. ஊர் கொதித்தது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் கூடிய கூட்டத்தின் மீது ஜெனரல் டயர் சுடச் சொன்னார்.

ஆக, சட்டம்தான் எதிர்ப்பைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு சட்டத்தைக் கொண்டுவரவில்லை. சட்டத்துக்கான வேர் 1919இல்கூட இல்லை, போர்க்காலத்தில் இருக்கிறது.

இங்கேயே இன்னொரு குழியும் உண்டு. ரௌலட் குழு 1917, ரௌலட் அறிக்கை 1918, ரௌலட் சட்டம் 1919. கேள்வியில் "ரௌலட்" என்று பார்த்ததும் 1919 என்று முடிவு கட்டிவிட்டால், "ரௌலட் குழு அமைக்கப்படுதல்" என்று கொடுத்திருக்கும்போது தப்பாகிவிடும். பெயரைப் பார்த்ததோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் சொல்லையும் படிக்க வேண்டும். அமைக்கப்பட்டதா, அறிக்கை தந்ததா, நிறைவேறியதா, நடைமுறைக்கு வந்ததா? கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஒரு மாதிரிக் கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். காலவரிசைப்படுத்துக:

1. ஹண்டர் குழு அமைக்கப்படுதல்
2. ரௌலட் சட்டம்
3. கிச்லு, சத்யபால் கைது
4. ஜாலியன்வாலா பாக் படுகொலை

(அ) 2–4–3–1 (ஆ) 2–3–4–1 (இ) 4–2–1–3 (ஈ) 2–1–3–4

நான்கு தேதியும் நினைவில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், எது இல்லாமல் எது நடந்திருக்க முடியாது என்று பாருங்கள். ஹண்டர் குழு பஞ்சாப் நிகழ்வுகளை விசாரிக்க வந்த குழு. விசாரிக்க ஒன்று நடந்திருந்தால்தானே குழு வர முடியும்? எனவே 1 என்பது 4க்குப் பின்னால்தான், (ஈ) போயிற்று. அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டதே தலைவர்களின் கைதையும் சட்டத்தையும் எதிர்த்துத்தான். எனவே 2, 3 இரண்டும் 4க்கு முன்னால். (அ), (இ) இரண்டும் விழுந்துவிடும். மிச்சம் (ஆ). ஹண்டர் குழு 1919 அக்டோபரில் அமைந்தது என்ற தேதி தேவைப்படவே இல்லை.

ஆனால் இந்த வழி எல்லா இடத்திலும் ஓடாது. ஹண்டர் குழுவை எடுத்துவிட்டு அதே பட்டியலில் 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைச் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று நாம் படிக்கிற அதே சட்டம்தான். அதற்கு ஒப்புதல் கிடைத்தது 1919 டிசம்பரில். படுகொலை ஏப்ரலில், சீர்திருத்தம் டிசம்பரில். உடனே "மக்கள் கோபத்தைத் தணிக்கத்தான் சீர்திருத்தம் கொடுத்தார்கள்" என்று எழுதிவிடுவார்கள் நம் ஆட்கள். தேதி வரிசை சரி, காரணம் தப்பு. அந்தச் சட்டத்துக்கான அறிவிப்பை மாண்டேகு 1917 ஆகஸ்ட் 20 அன்றே செய்துவிட்டார்; அறிக்கை 1918இல் வந்துவிட்டது. படுகொலை நடக்காமல் இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் வந்திருக்கும். ஒரே தெருவில் முன்னும் பின்னுமாகப் போகிற இரண்டு பேருந்துகளில் முதல் பேருந்து இரண்டாவதை இழுத்துக்கொண்டு போவதாக யாரும் சொல்வதில்லையே. இப்படித் தனித்தனிப் பாதையில் வரும் நிகழ்வுகளுக்கு மாதத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

கூற்று, காரணம் வகைக் கேள்விகளில் இதை வைத்துத்தான் மாட்டிவிடுவார்கள். கூற்று: காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். காரணம்: 1922 மார்ச்சில் காந்தி கைது செய்யப்பட்டார். இரண்டும் உண்மை. "இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது" என்று கை தானாகப் போகும். நிறுத்தியதற்கு உண்மையான காரணமான சௌரி சௌரா வன்முறைச் சம்பவம் நடந்தது பிப்ரவரி தொடக்கத்தில் (4 என்றும் 5 என்றும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், வரிசைக்கு அதனால் பாதகமில்லை). பிப்ரவரி 12 அன்று பர்தோலியில் இயக்கத்தை நிறுத்தும் முடிவு. கைது மார்ச் 10. நிறுத்திய பிறகுதான் கைது. எனவே "இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை" என்பதே விடை. இந்த வகைக் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது, காரணம் என்று சொல்லப்பட்டது கூற்றுக்கு முன்னால் நடந்ததா என்பதுதான். பின்னால் நடந்தது காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை.

அதே இயக்கத்தின் தொடக்கத்தில் இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. துருக்கியோடு செய்த செவ்ரே உடன்படிக்கையால் கிலாபத் தலைவர்கள் கொதித்தார்கள், அதனால் ஒத்துழையாமை பிறந்தது என்று படித்திருப்போம். தேதியைப் போட்டுப் பாருங்கள். ஒத்துழையாமை தொடங்கியது 1920 ஆகஸ்ட் 1. உடன்படிக்கை கையெழுத்தானது ஆகஸ்ட் 10. காரணம் ஒன்பது நாள் பிந்தி வருகிறதே! அப்போது படித்தது பொய்யா? இல்லை. உடன்படிக்கையின் நிபந்தனைகள் மே மாதத்திலேயே வெளியே வந்துவிட்டன. கோபம் அந்த நிபந்தனைகளின் மேல். கையெழுத்து வெறும் சடங்கு. எனவே காலவரிசையில் கையெழுத்தைப் பின்னால் போட வேண்டும். காரணம் கேட்டால் நிபந்தனைகளைச் சொல்ல வேண்டும். காங்கிரஸ் இதற்கெல்லாம் பிறகு, செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஏரியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அது ஏன் அதிகம் பேசப்படுவதில்லை என்று தெரியவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. முன்னணியில் இருந்தார். தொழிற்சங்கச் சட்டம் 1926. இதை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. "சட்டம் இருந்தால்தானே சங்கம் வைக்க முடியும்?" என்பது அவர்கள் வாதம். இன்றைய பழக்கத்தை நூறு வருடம் பின்னால் கொண்டுபோய் வைப்பதால் வரும் தவறு இது.

அப்படியானால் 1918 சங்கம்தான் 1926 சட்டத்துக்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? முன்னால் நடந்தது என்பது மட்டும் போதாது. நடுவில் ஒரு கண்ணி வேண்டும், இங்கே அது இருக்கிறது. 1920இல் பின்னியின் பக்கிங்காம் மில்லில் தகராறு வந்தபோது, தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சொல்லி நிர்வாகம் வாடியா முதலானவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது அப்போது வெட்டவெளிச்சமானது. 1921இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருடம் இழுத்து 1926இல் சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவைப் படித்தால் ஒரு சுவாரசியம் தெரியும். தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லிப் பதிவு பெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போட முடியாது என்றது அது. பெரம்பூரில் எங்கே அடி விழுந்ததோ, சட்டம் அங்கேயே மருந்து போட்டிருக்கிறது. காரணம், விளைவு என்று தைரியமாகச் சொல்ல இப்படி ஒரு தடயம் வேண்டும்.

இதற்கு மாறாக 1921 பின்னி வேலைநிறுத்தத்தை எடுங்கள். புளியந்தோப்புக் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு எல்லாம் அதை ஒட்டி நடந்தவை. அந்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்ததால், வேலைநிறுத்தம் அதன் விளைவு என்று எழுதத் தோன்றும். காங்கிரஸ்காரர்கள் ஆதரித்தார்கள், மேடையில் பேசினார்கள், எல்லாம் சரி. ஆனால் அது கிளம்பியது பின்னியின் இன்னொரு மில்லான கர்நாடிக் மில்லின் நூற்புப் பிரிவில் வந்த கூலிப் பிரச்சினையில். ஒரே நேரத்தில் நடந்தது, ஆதரவு கிடைத்தது, அதனால் உண்டானது, இந்த மூன்றையும் விடைத்தாளில் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். கேள்வியில் "இதன் உடனடிக் காரணம்" என்று இருந்தால் கூலி. "இதன் பின்னணி" என்று இருந்தால் ஒத்துழையாமையைச் சேர்த்துக்கொள்ளலாம்.