வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு மின்னஞ்சலில் கிளைம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நேற்று பெய்த மழையில் கார் மூழ்கிவிட்டது. என்ஜின் போய்விட்டது. உடனே ஆவன செய்யவும்.”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட வாரத்தில் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன மின்னஞ்சல்களில் பல ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன. தேதி இல்லை, இடம் இல்லை, பாலிசி எண் இல்லை. அவற்றைக் கேட்டு ஒரு பதில் எழுதினால் கிடைத்துவிடும் என்பதால் அந்தக் குறைகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் “என்ஜின் போய்விட்டது” என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. கார் காப்பீட்டின் சொந்த சேதப் பிரிவு வெள்ளத்தால் வந்த சேதத்தை ஏற்கும். ஆனால் இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, தேய்மானம், பின்விளைவாக வந்த சேதம் ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. நடந்ததைச் சொல்லாமல் தாமாக ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறவர்கள், தம்மை அறியாமலேயே தம் கோரிக்கையை அந்த விலக்குப் பட்டியலின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

ஆகவே முதல் தவறு, காரணத்தை நாமே தீர்மானித்து எழுதுவது. என்ஜினுக்கு என்ன ஆனது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். அதைச் சொல்வது, நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் வேலை. உரிமையாளருக்குத் தெரிந்தது, வண்டி எங்கே நின்றது, தண்ணீர் எப்போது வந்தது, எந்த மட்டம் வரை நின்றது, அதன்பின் வண்டியை யார் என்ன செய்தார்கள் என்பவை மட்டுமே. தீர்ப்புக்கு வேண்டியவையும் அவையே.

அவற்றுள் முக்கியமானது கடைசிக் கேள்வி: தண்ணீர் புகுந்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தீர்களா? காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்தால், காற்றைப்போல் தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் பிஸ்டன் பாதியில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதத்துக்கும் நாம் சாவியைத் திருப்பியதால் வந்த சேதத்துக்கும் நிறுவனம் கோடு கிழிப்பது இந்த இடத்தில்தான். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை வாங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சேதத்துக்கும் வழி உண்டு என்றாலும், அதன் நிபந்தனைகள் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். எழுதுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. ஸ்டார்ட் செய்திருந்தால் அதை மறைக்க நினைப்பது வீண். ஏர் ஃபில்டரின் ஈரமும், பால் கலந்ததுபோல் வெளுத்த என்ஜின் ஆயிலும், வளைந்த ராடும் சர்வேயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதன்பின் மின்னஞ்சலில் எழுதிய மற்ற உண்மைகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இரண்டாவது தவறு, எல்லா ஆவணங்களும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பது. விபத்தோ சேதமோ நேர்ந்தவுடன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது வாகனக் காப்பீட்டின் நிபந்தனை. அறிவிப்பு வேறு, கோரிக்கை வேறு. முதல் மின்னஞ்சலில் பாலிசி எண்ணும் நடந்த விவரமும் இரண்டு மூன்று படங்களும் போதும். கிளைம் படிவம், எஸ்டிமேட், மற்ற ஆவணங்கள் எல்லாம் கிளைம் எண் வந்த பின் போகலாம். தாமதம் தவிர்க்க முடியாததாக இருந்தால் அதன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். நியாயமான கோரிக்கையைத் தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் காரணமே சொல்லாதவருக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவும் என்பது ஐயமே.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். வேளச்சேரிக் குடியிருப்பு ஒன்றில் தரைத்தளத்தில் நிறுத்தியிருந்த மூன்றரை வயதுக் கார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் வரியில் “வெள்ள சேதம், கிளைம் அறிவிப்பு” என்று எழுதி, பாலிசி எண், வண்டி எண், 04.12.2023 என்ற தேதி ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், மின்னஞ்சலைத் திறக்காமலேயே பதிவு செய்கிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உள்ளே எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“03.12.2023 இரவு 9 மணியளவில் காரை வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிறுத்தினேன். மறுநாள் காலை 6.30 மணிக்குப் பார்த்தபோது தண்ணீர் இருக்கை மட்டம் வரை நின்றது. அதன்பின் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை, சாவியையும் போடவில்லை. 5ஆம் தேதி மாலை தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். வண்டி அதே இடத்தில், கழுவப்படாமல் நிற்கிறது. மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் இல்லாததால் இன்று, 06.12.2023 அன்று அறிவிக்கிறேன். யாருக்கும் காயமில்லை. சர்வேயர் வண்டியை இங்கேயே பார்ப்பாரா, இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாமா என்று தெரிவிக்கவும்.”

இதில் உரிமையாளரின் கவலையும் இல்லை, நிறுவனத்தின்மீது கோபமும் இல்லை. இரண்டும் நியாயமானவையே என்றாலும் முதல் மின்னஞ்சலில் அவற்றுக்கு இடமில்லை. “கழுவப்படாமல்” என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. சேறு அப்பிய வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல் கழுவித் துடைத்து, கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கதவின் உட்புறத்திலும் இருக்கையிலும் தண்ணீர் விட்டுப்போன கோடுதான் நல்ல சாட்சி. அந்தக் கோடு தெரியும்படியும், வண்டி எண் தெரியும்படியும், ஓடோமீட்டரைச் சாவி போடாமல் படிக்க முடிந்தால் அதையும் படமெடுத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி அங்கிருந்து எடுத்து இணைத்தால், படம் சுருங்குவதோடு எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து போய்விடும். கைப்பேசியின் மூலக் கோப்பையே இணைக்க வேண்டும்.

மூன்றாவது தவறு பாலிசி விவரத்தில் வருவது. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பாலிசி எண் மாறுவது வழக்கம். மின்னஞ்சல் பெட்டியில் தேடி முதலில் கிடைக்கும் பழைய எண்ணை எழுதிவிட்டால், அந்தத் தேதியில் பாலிசி நடப்பில் இல்லை என்ற பதில் வரும். இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் காப்பீடு, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்குக் கட்டாயமானது. அடுத்த ஆண்டு சொந்த சேதக் காப்பீட்டைத் தனியாக வாங்கவும் வழி வந்தது. அதனால் ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்களில் இரண்டு பாலிசிகள் இருக்கலாம். வெள்ளச் சேதத்துக்குப் பொறுப்பு சொந்த சேதப் பாலிசி கொடுத்த நிறுவனம் மட்டுமே. மூன்றாம் நபர் நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால், கைவசம் இருக்க வேண்டிய முதல் சில நாட்கள் வீணாகிவிடும். பழைய கார் வாங்கியவர்கள் ஆர்.சி.யில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதும் இங்கேதான்.

நான்காவது தவறு மின்னஞ்சலுக்கு வெளியே, ஒர்க்‌ஷாப்பில் நடக்கிறது. வண்டி வந்ததும் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டு போடுவார். வாடிக்கையாளரின் குறை என்ற இடத்தில் பழக்கத்தில் “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்று எழுதிவிடுவார். நீங்களும் அவசரத்தில் கையெழுத்திடுவீர்கள். ஸ்டார்ட் செய்யவே இல்லை என்று மின்னஞ்சலிலும், ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஜாப் கார்டிலும் இருந்தால், நிறுவனம் முதலில் விளக்கம் கேட்பது இதைப் பற்றித்தான். “வெள்ளத்தில் மூழ்கியது, இழுவை வண்டியில் கொண்டுவரப்பட்டது, ஸ்டார்ட் செய்து பார்க்கப்படவில்லை” என்று எழுதச் சொல்லி, படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். இதே விவரம் கிளைம் படிவத்திலும் அதே நேரம், அதே மட்டம் என்று மாறாமல் வர வேண்டும்.

ஒரே தொகையாக வரும் எஸ்டிமேட்டும் முடிவைத் தள்ளிப்போடும். பாகங்கள் எதனால் ஆனவை என்பதைப் பொறுத்துத்தான் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி. உலோகம் முதலான மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்ப, மூன்றைத் தாண்டி நான்கு ஆண்டுக்குள் இருக்கும் வண்டியென்றால் 25 விழுக்காடு. நம் காருக்கு ரப்பர், பிளாஸ்டிக் வகையில் 20,000 ரூபாய், மற்ற பாகங்கள் 40,000, கூலி 15,000 என்று 75,000 ரூபாய் எஸ்டிமேட் வந்தால், 10,000, 30,000, 15,000 என்று 55,000 ரூபாய் கணக்காகும். 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கான கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக 54,000 ரூபாய் வரும். வரியை இதில் சேர்க்கவில்லை. தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு இருந்தால் கணக்கே மாறும். பாகங்களும் கூலியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட எஸ்டிமேட் இருந்தால்தான் சர்வேயர் இதைப் போட முடியும். இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து புது எஸ்டிமேட் வரும்வரை கோப்பு அப்படியே கிடக்கும்.

ஆவணங்களை அனுப்பும் முறையில் ஏற்படும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பேசி தானாக வைத்த எண்களோடு பதினெட்டுப் படங்களை இணைத்தால், அவற்றுள் ஆர்.சி. எது என்று மறுமுனையில் ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். `01_Policy.pdf`, `02_RC.pdf`, `03_DL.pdf`, `04_ClaimForm.pdf`, `05_Estimate.pdf` என்று பெயரிட்டு, அதே வரிசையை மின்னஞ்சலின் அடியிலும் எழுதிவிட்டால் எது வந்தது, எது வரவில்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம் என்றாலும் பெறும் பக்கத்தின் அளவு அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆகவே படங்களைத் தனி மின்னஞ்சலாகப் பிரித்து, பொருள் வரியில் “1/2”, “2/2” என்று குறிப்பது பாதுகாப்பானது. கூகுள் டிரைவ் இணைப்பை மட்டும் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அலுவலகக் கணினியில் அது திறக்காமல் போகலாம், அனுமதி கொடுக்க நீங்கள் மறந்திருக்கலாம். எப்படியும் ஆவணம் வந்ததற்கான தேதி பதிவாகாது.

கிளைம் எண் வந்த பிறகு, எழுதும் எல்லாவற்றையும் அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாக எழுத வேண்டும். நினைவூட்டலுக்காகத் தினமும் புது மின்னஞ்சல் தொடங்கினால், கோப்பு ஒருவரிடமும் உங்கள் கடைசிக் கடிதம் வேறொருவரிடமும் இருக்கும். சர்வேயர் தொலைபேசியில் எதையாவது கேட்டாலும், இன்ன தேதியில் இன்னதைக் கேட்டீர்கள், இதோ இணைத்துள்ளேன் என்று அதே தொடரில் எழுதிவிட வேண்டும். என்ஜினைத் திறக்க அவர் வாய்மொழியாக அனுமதி தந்திருந்தால் அதை எழுதி உறுதி செய்துகொண்ட பிறகே ஒர்க்‌ஷாப்புக்குச் சரி என்று சொல்ல வேண்டும்.