பந்து வீசுபவனுக்கு எந்தக் கால் முன்னால்?

பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கிரிக்கெட் கதையில் இப்படி ஒரு பத்தி இருந்தது:

"முருகேசன் ஓடி வந்தான். வலது காலைக் கிரீஸில் அழுத்தி ஊன்றி, வலது கையைச் சுழற்றிப் பந்தை எறிந்தான். போன ஓவரில் அவுட்ஸ்விங்கர் போட்டானே, இதுவும் அப்படித்தானோ என்று யோசித்தபடி பேட்டைத் தூக்கினான் சேகர். பந்து குத்தி, நெஞ்சுயரம் எழும்பி, வலப்பக்கம் வளைந்தது. மறுநொடி லெக் ஸ்டம்ப் பறந்தது."

லீக் மேட்ச்களில் வேகப்பந்து போடும் நண்பன் ஒருவனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "டேய், இப்படிப் போட்டா உன் ஆளு மூஞ்சி குப்புற விழுவான்டா" என்றான். அப்புறம் எழுந்து நின்று, கையில் சுருட்டிய துண்டோடு செய்தும் காட்டினான். அந்த ஐந்து வரியில் எத்தனை தவறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் தவறு கால். வலது கையால் வீசுபவன் துள்ளி இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது வலது கால். அது பின்கால். அடுத்த எட்டில் இடது கால் முன்னால் வந்து கிரீஸில் ஊன்றுகிறது. அது ஊன்றி ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடியில் பந்து கையை விட்டுப் போய்விடும். இடது கால் தடுப்புக்கட்டை மாதிரி. ஓடி வந்த வேகத்தை அது கீழே நிறுத்திவிடுவதால் மேலுடல் அதன் மேலாக முன்னே சரிகிறது, அந்த வேகம் இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு ஏறுகிறது. வலது காலையே முன்னால் ஊன்றினால் இடுப்பு திரும்ப வழியில்லை. வலது தோள் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டதால் கை சுழல இடமும் இல்லை. நம்பவில்லை என்றால் வீட்டுக் கூடத்தில் ஒரு முறை செய்து பாருங்கள், கண்ணாடி அலமாரியை விட்டுத் தள்ளி நின்று.

இடது கைக்காரர் என்றால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறும். சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் வீசும்போது முன்னால் ஊன்றுவது வலது கால். எழுதும்போது கையை மட்டும் 'இடது' என்று மாற்றிவிட்டுக் காலை மறப்பது நிறையவே நடக்கிறது. விதிவிலக்கும் உண்டு. 2008 ஐபிஎல்லில் ராஜஸ்தானுக்காகச் சென்னைக்கு எதிராக 14 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்த சொஹைல் தன்வீர், 'தப்புக் காலில்' வீசுபவர் என்றே பெயர் வாங்கியவர். அப்படிப்பட்ட ஆளைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் அதைப் பேட்ஸ்மேன் குழம்புவதற்குக் காரணமாகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வாசகர் அதை உங்கள் பிழை என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, என் பத்தியில் முருகேசனுக்கு இடது கையே கிடையாது. பந்து இல்லாத கைக்குத்தான் அங்கே பாதி வேலை. கிணற்று உருளையில் ஒரு வாளி இறங்கினால் இன்னொன்று ஏறுமே, அதைப் போல. துள்ளி இறங்கும் நேரத்தில் இடது கை உயரே பேட்ஸ்மேன் பக்கம் நீண்டிருக்கும். பந்து பிடித்த கை அப்போது கீழே, இடுப்புக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். இடது கை விலாவை நோக்கி இறங்க இறங்க வலது கை மேலே வரும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் உச்சியில் இருப்பதாக எழுதினால் அவன் அவுட் கேட்கிறான் என்று அர்த்தம்.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். 'எறிந்தான்' என்று எழுதினேன். கிரிக்கெட்டில் எறிவது என்றால் மடக்கிய முழங்கையை நீட்டி விடுவது. சர்வதேச ஆட்டத்தில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அந்தப் பந்துவீச்சே செல்லாது. பவுலர் வீசுவார், போடுவார். எறிவது ஃபீல்டரின் வேலை.

கையை விட்டுப் பந்து போன பிறகும் உடம்பு நிற்பதில்லை. வலது கை குறுக்காக இடது இடுப்புப் பக்கம் இறங்கிவிடும், வலது கால் முன்னால் வீசி வந்து அடுத்த எட்டு வைக்கும். ஓட்டம் அடங்கவே இன்னும் சில எட்டு ஆகும். பிட்ச்சின் நடுவில் மிதித்தால் நடுவர் கண்டிப்பார் என்பதால் ஸ்டம்புக்கு இடப்புறமாக ஓடி வந்து வீசியவன் பெரும்பாலும் தன் இடப்பக்கமாகவே விலகுவான். வீசிய இடத்திலேயே சிலைபோல நின்று பந்தைப் பார்ப்பவனை மைதானத்தில் பார்க்க முடியாது.

இனி பந்து. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போன பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். அந்த இடைவெளியில் சேகரால் போன ஓவரை நினைத்துப் பார்க்க முடியாது. அந்த யோசனை தேவையென்றால் முருகேசன் ஓட்டத்தைத் தொடங்கத் திரும்பி நடக்கிறானே, அங்கே வையுங்கள். அங்கே நேரம் தாராளமாக இருக்கிறது.

நெஞ்சுயரம் எழும்பிய பந்து ஸ்டம்பைத் தொட முடியாது. ஸ்டம்பின் உயரமே 28 அங்குலம்தான். எங்கே குத்தியது என்று முடிவு செய்துவிட்டால் எந்த உயரத்தில் வரும் என்பதும் ஓரளவு முடிவாகிவிடும். 'வளைந்தது' என்ற சொல்லும் இடம் மாறி நிற்கிறது. வேகப்பந்தின் ஸ்விங் காற்றில் நடப்பது, அதாவது குத்துவதற்கு முன்னால். குத்திய பிறகு சீம் பட்டு விலகலாம், அது வெடுக்கென்று நடக்கும், வளையாது.

'வலப்பக்கம்' என்றால் யாருடைய வலம்? வலது கை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் சைடு அவர் வலப்பக்கம். எதிரே நிற்கும் பவுலருக்கு அதுவே இடப்பக்கம். டிவி கேமரா பவுலருக்குப் பின்னால் இருப்பதால் நம் கண்ணுக்கும் இடம். அதனால் வலம் இடத்தை விட்டுவிட்டு 'ஸ்லிப் பக்கம்', 'கால் பக்கம்' என்று எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படி எழுதியிருந்தால், ஸ்லிப்பை நோக்கி விலகுகிற பந்து எப்படி லெக் ஸ்டம்பைப் பறக்கவிட்டது என்று எனக்கே உறைத்திருக்கும்.

நண்பன் முன்னால் உட்கார்ந்து திருத்தி எழுதியது இது:

"முருகேசன் துள்ளியபோது உயர்ந்த அவன் இடது கை சேகருக்குப் பந்தை மறைத்தது. வலது கால் இறங்கியது. இடது கால், குதிகால் மட்டும் கோட்டுக்குப் பின்னால் இருக்க, அறைந்து ஊன்றியது. இடது கை விலாவுக்கு இறங்க, வலது கை காதை உரசி வந்தது. கால் பக்கம் கிளம்பிய பந்து குத்துவதற்குள் ஸ்லிப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. சேகரின் பேட் பழைய கோட்டிலேயே இறங்கியது. ஆஃப் ஸ்டம்ப் மல்லாந்தபோது முருகேசனின் ஓட்டம் இன்னும் அடங்கவில்லை."

படித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "கோட்டுக்குப் பின்னால குதிகால் எவ்வளவு இருந்துச்சு? நடுவர் நோ பால் கொடுக்கலையே?"