கணக்கு சரி, காரணத்தில்தான் மதிப்பெண் போனது

சிங்கப்பூரில் வேலைக்குப் பிறகு கணக்கியல் தேர்வுக்குப் படிக்கிறேன். திட்டமிட்ட செலவுக்கும் நடந்த செலவுக்கும் உள்ள வித்தியாசங்களான மூலப்பொருள், கூலி மாறுபாடுகளைச் சரியாகக் கணக்கிட்டும் காரணங்களை எழுதும் பகுதியில் பாதி மதிப்பெண்ணே கிடைத்துவந்தது. காரணப் பட்டியலை மனப்பாடம் செய்தேன், விடையை நீட்டினேன், பயனில்லை.

விடை எழுதுமுன் எல்லா மாறுபாடுகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. ஒரு பயிற்சிக் கேள்வி: 500 மேசைகள். திட்டப்படி ஒன்றுக்கு 2 கிலோ மரப்பலகை, கிலோ 5 வெள்ளி; 1 மணி நேர வேலை, மணிக்கு 12 வெள்ளி. நடந்ததோ 1,100 கிலோ, கிலோ 4.60 வெள்ளி, 560 மணி, அதே 12 வெள்ளி.

1,100 கிலோவையும் கிலோவுக்கு 0.40 வெள்ளி மலிவாக வாங்கியதால் விலையில் 440 வெள்ளி சாதகம். 100 கிலோ கூடுதலாகச் செலவானதால் பயன்பாட்டில் 500, 60 மணி கூடுதலாகப் பிடித்ததால் கூலித் திறனில் 720 வெள்ளி பாதகம்.

பலரும் தாண்டிப்போகும் இடம், மணிக்கூலி மாறாததால் பூஜ்யமாக வரும் கூலி விகித மாறுபாடு. அனுபவம் குறைந்த, மலிவான ஆட்களை அமர்த்தியிருந்தால் அது சாதகமாகியிருக்கும். ஆகவே ஐயம் பலகையின் மீது விழுகிறது: மலிவான பலகை பிளந்து வீணாகியிருக்கலாம், சீராக்க நேரமும் பிடித்திருக்கலாம். 440 மிச்சப்படுத்தி 1,220 இழந்திருக்கிறார்கள்; நிகர நட்டம் 780 வெள்ளி.

இப்போது மேலாளரின் நடவடிக்கையும் மாறுகிறது. "தொழிலாளர்களுக்குப் பயிற்சி" என்பது இங்கே பொருந்தாது. முதலில் கழிவுப் பதிவேட்டைப் பார்த்து ஐயத்தை உறுதிசெய்ய வேண்டும். பிறகு கொள்முதல் மேலாளரிடம் தரக் குறிப்பைக் கேட்டு, மொத்தமாக வாங்குமுன் சிறு அளவில் அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உற்பத்தி மேலாளர்மீது முழுப் பழியையும் போடக் கூடாது என்பதையும் எழுதுகிறேன். அடுத்த பயிற்சித் தேர்வில் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் வந்தது.